ஏத்தங்காய் சிப்ஸ் பேட்ச் பதிவேடு: பேட்ச் 1408-2

வறுத்த நாள்: 14.08.2025, வியாழன், மதியத்துக்கு மேல். பேட்ச் எண் காய் வந்த நாளை வைத்து அல்ல, வறுத்த நாளை வைத்து. கடைசி இலக்கம் அன்றைய எத்தனையாவது ஈடு என்பது.
இடம்: தக்கலை யூனிட்

காய்: நேந்திரன், 120 கிலோ. 13-ஆம் தேதி நாகர்கோவில் அப்டா சந்தையில் வாங்கியது, காய் லாட் 41. தோல் நீக்கி 74 கிலோ. இரண்டு சீப்பு பழுக்கத் தொடங்கியிருந்ததால் ஒதுக்கினோம் (எடையில் சேர்க்கவில்லை).

எண்ணெய்: தேங்காய் எண்ணெய், லாட் 19, புது டின். காலை ஈட்டு எண்ணெயோடு சேர்க்கவில்லை. அடுப்பை அணைத்தபின் டி.பி.சி. 14 சதவீதம் (25-ஐத் தாண்டினால் கொட்ட வேண்டியதுதான்).

உப்பு மஞ்சள் தண்ணீர்: உப்பு லாட் 7, மஞ்சள்தூள் லாட் 3.

கிடைத்தது: 31.4 கிலோ. 200 கிராம் பாக்கெட் 157. மாதிரி 3 (முதல், நடு, கடைசி). பெட்டிக்கு 12 வீதம் 12 பெட்டி, உதிரி 10.

கவர் ரோல்: பெட்டி 1 முதல் 8 வரை ரோல் 11. பெட்டி 9 முதல் 12 வரையும் உதிரியும் ரோல் 12.

போனது: பெட்டி 1–5 மார்த்தாண்டம் கடை, 6–8 கன்னியாகுமரி கடை, 9–12 தக்கலை கடை. உதிரி 10 வாசலில் விற்றது.

புகார், 27.08.2025, காலை 10.40: தக்கலைக் கடைக்காரர் போனில், "அண்ணாச்சி, ரெண்டு பாக்கெட்டு நமத்துப்போச்சு, சிக்கு வாடை வேற அடிக்குது" என்றார். பெட்டி எண் கேட்டதில் இரண்டும் 10.

பார்த்தது: முதல் மாதிரியும் நடு மாதிரியும் மொறுமொறுப்பு, வாசனை சரி. கடைசி மாதிரி நமத்திருந்தது. தண்ணீர் வாளியில் அமுக்கியதும் அடித் தையலில் குமிழி வந்தது. எண்ணெய்மேல் சந்தேகம் வந்தது. ஆனால் மூன்று மாதிரியும் ஒரே எண்ணெயில் வறுத்தவை, ஆகையால் அது காரணமில்லை. ரோல் 12-இன் கவர் கனம் கூடுதல். மாற்றியபின் சீலிங் சூட்டைக் கூட்டியதாகப் பதிவில் எதுவும் இல்லை.

முன்னும் பின்னும்: அதே ரோலில் 16-ஆம் தேதி போட்ட 1608-1 (140 பாக்கெட்) இன்னும் ஸ்டாக்கில்தான். முழுவதையும் நிறுத்தி வைத்தாயிற்று. வாளியில் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஓணம் ஆர்டருக்கு எடுக்கக் கூடாது. மார்த்தாண்டம், கன்னியாகுமரி சரக்கைத் திருப்ப வேண்டாம். தகவல் மட்டும் சொல்லியாயிற்று.

திரும்பியது, 28.08.2025: தக்கலையின் 48-இல் 31 கடையிலிருந்து, 2 வாடிக்கையாளர் கொடுத்தவை, 15 விற்றுப்போயின. வாங்கியவர் யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறது, அதை நம் கணக்கில் கழித்துக்கொள்வார். 33-ஐயும் வெட்டிப் பன்றிப் பண்ணைக்குக்கூடக் கொடுக்காமல் குழியில் போட்டாயிற்று.

வாசலில் போன 10 யாரிடம் இருக்கிறதென்று கண்டுபிடிக்க வழியில்லை, பில் எழுதவில்லை. வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. இனி வாசல் விற்பனைக்கும் பேட்ச் எண்ணும் வாங்குபவர் போன் எண்ணும் எழுத வேண்டும். ரோல் மாற்றினால் முதல் ஐந்து பாக்கெட்டை வாளியில் அமுக்கிப் பார்த்து, சூட்டு எண்ணோடு இதே பக்கத்தில் குறிக்க வேண்டும்.

கையொப்பம்: பேக்கிங் மேற்பார்வை