இரவு மெயில்களுக்குப் பதில் வேண்டாம், அவசரம் என்றால் போன்

மெர்ச்சன்டைசிங், குவாலிட்டி, ஷிப்பிங் பிரிவுகளில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை இரவு 11.20-க்கு, கார்ட்டன் மார்க்கிங் பற்றி ஒரு மெயில் அனுப்பினேன். 11.35-க்கே பதில் வந்துவிட்டது. பதில் எழுதியவர் காய்ச்சலில் கிடந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டியிருக்கிறார் என்பது மறுநாள் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அந்தக் கார்ட்டன்கள் பிரிண்டிங்குக்குப் போகவேண்டியதே வெள்ளிக்கிழமைதான்.

தப்பு என்னுடையது. பகலெல்லாம் கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் நடந்துவிட்டு இரவில்தான் உட்காருகிறேன். மறந்துவிடக் கூடாதே என்று அப்போதே அனுப்பிவிடுகிறேன். உடனே பதில் வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அதை உங்களிடம் சொன்னதும் இல்லையே.

எனவே வரும் திங்கட்கிழமை முதல், மாலை 7 மணிக்கு மேல் காலை 9.30 வரை, ஞாயிறு, விடுமுறை நாட்களில் வரும் எந்த மெயிலுக்கும் நீங்கள் பதில் எழுத வேண்டாம், திறந்து பார்க்கவும் வேண்டாம். நான் அனுப்பியதானாலும், பையர் அனுப்பியதானாலும், மேலே 'அர்ஜென்ட்' என்று போட்டிருந்தாலும் இதேதான். மெயிலை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்று யாரும் வழி கண்டுபிடிக்க வேண்டாம், குரூப்புக்கும் இதே விதி. நானும் இரவில் எழுதுவதைக் காலை 9.30-க்குப் போகும்படி நேரம் வைத்துவிடுகிறேன். பழக்கதோஷத்தில் ஒன்றிரண்டு நழுவி வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அப்படியானால் அவசரம் வந்தால்? போன் பண்ணுங்கள். மெசேஜ் போட்டுவிட்டு நீல டிக் விழுமா என்று காத்திருக்காதீர்கள், கூப்பிடுங்கள். முதலில் எனக்கு. இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை என்றால் ஃபேக்டரி மேனேஜருக்கு. உங்களில் ஒருவர் தேவைப்பட்டால் நாங்களும் போனில்தான் கூப்பிடுவோம். போன் அடிக்கவில்லை என்றால் அவசரம் எதுவும் இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

எது அவசரம் என்பதில் குழப்பம் வேண்டாம். நம் கண்டெய்னர்கள் மாலையில் கிளம்பி ராத்திரியெல்லாம் ஓடித் தூத்துக்குடி போகின்றன. ஷிப்பிங் பில்லில் உள்ள சீல் நம்பரும் கண்டெய்னரில் உள்ள சீல் நம்பரும் ஒத்துப்போகாமல் வண்டி நின்றுவிட்டால் அது அவசரம், மணி இரண்டானாலும் கூப்பிடுங்கள். டையிங்கில் தப்பான ஷேடில் லாட் இறங்கப்போகிறது, நைட் ஷிஃப்டில் தப்பான பேட்டர்னில் துணி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்காவது அடிபட்டுவிட்டது, யூனிட்டில் தீ என்றால் யோசிக்கவே வேண்டாம். காலை வரை விட்டால் சரக்கோ ஆளோ சேதமாகுமா என்று மட்டும் பாருங்கள். லேப் டிப் கமென்ட், விலை விசாரணை, சைஸ் சார்ட் திருத்தம், கூரியர் நம்பர் இதெல்லாம் காலை காபிக்குப் பிறகு. கூப்பிட்ட பிறகு அது அவசரமே இல்லை என்று தெரிந்தாலும் நான் கோபிக்க மாட்டேன்.

பையர்கள் என்ன சொல்வார்கள் என்று சிலர் கேட்கலாம். ஜெர்மனியில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர்களோடு பேச நம் அலுவலக நேரமே தாராளம். பிரான்ஸ்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை அங்கே 2017 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் அவர்களுக்கு மெயில் போட்டுப் பார்த்தவர்களுக்கு என் சிரிப்பு புரியும்.

நியூயார்க் மட்டும்தான் உண்மையான சிக்கல். அங்கே காலை 9 என்றால் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இரவில் ஒரு பதில் போனால் ஒரு நாள் மிச்சமாவது நிஜம்தான், மறுக்கவில்லை. அதை யாருடைய தூக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டாம். அந்த அக்கவுண்டைப் பார்க்கும் நால்வரில் ஒருவர் வார முறைப்படி மதியம் 1 மணிக்கு வந்து இரவு 9.30 வரை இருக்கட்டும். அவருக்கு அதுதான் அலுவலக நேரம், மற்ற மூவரும் 7 மணிக்குக் கிளம்பலாம். வீட்டுக்குப் போக வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். இரவு முறை ஒத்துவராதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன். பையர்களுக்கு இதையெல்லாம் நானே எழுதிவிட்டேன்.

இரவில் பதில் போடுகிறவர்தான் நல்ல உழைப்பாளி என்ற எண்ணம் நமக்குள் எப்படியோ வந்துவிட்டது. இன்க்ரிமென்ட் பேசும்போது அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். சீனியர்களும் தங்களுக்குக் கீழே இருக்கும் புதுப் பிள்ளைகளிடம் இதே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அவர்கள் 'முடியாது' என்று வாய்திறந்து சொல்லமாட்டார்கள்.

ராத்திரி போன் வந்து அரை மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் மறுநாள் இரண்டு மணி நேரம் தாமதமாக வரலாம், டைம் ஆபீஸில் சொல்லிவிட்டேன். கார்ட்டன் மெயிலுக்குப் பதில் போட்டவரும் திங்கட்கிழமை 11.30-க்கு வந்தால் போதும்.

மேலாளர்,
மெர்ச்சன்டைசிங் பிரிவு, திருப்பூர்