அம்மாபேட்டை மளிகைக் கடை: ஜூன் 2025 கணக்கு

சேலம்
6.7.2025

மாமாவுக்கு,

அத்தை கொடுத்தனுப்பிய மூன்று நோட்டுகளையும் பார்த்து முடித்துவிட்டேன். "மாசம் 27 ஆயிரம் நிக்குதுடா, ரெண்டு சதவீதம் விலையைக் குறைச்சா என்ன?" என்று கேட்டீர்கள். பெரிய கடை பக்கத்திலேயே வந்துவிட்டதால் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்த 27 ஆயிரம் லாபம் இல்லை. கல்லாவில் வந்த 3,78,900-இலிருந்து கொள்முதல் பில் 3,51,600-ஐக் கழித்தால் 27,300 வருகிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கமுமே சரிசெய்ய வேண்டியிருந்தது.

முதலில் விற்பனை. கல்லாவில் விழுந்ததை எல்லாம் விற்பனை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 29,500 பழைய பாக்கி வசூல். அந்தச் சரக்கு மே மாதமோ அதற்கு முன்போ போனது. ஜூனில் கடனுக்குக் கொடுத்த 38,400 கடன் நோட்டில் மட்டும் இருக்கிறது, விற்பனையில் ஏறவே இல்லை. தறிக்காரர்கள் வாரக் கூலி வந்ததும் தருவார்கள் என்பது சரி, ஆனால் சரக்கு ஜூனிலேயே போய்விட்டது. எனவே:

3,78,900 − 29,500 + 38,400 = 3,87,800

ஜூன் மாத விற்பனை இதுதான்.

அடுத்து கொள்முதல். பில் கட்டில் 8,500 ரூபாய்க்குப் புதிய எலெக்ட்ரானிக் தராசு பில்லும் சேர்ந்திருந்தது. அது விற்கிற சரக்கு இல்லை, எடுத்துவிட்டேன். தேதி முடிந்த பிஸ்கட்டைத் திருப்பியதற்கு ஏஜென்சிக்காரர் கழித்துக்கொடுத்தது 4,300. வீட்டுக்கு எடுத்த அரிசி, எண்ணெய், பருப்பு கொள்முதல் விலையில் 6,200 (அத்தை இதைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்கவே முடியாது). இவற்றைக் கழித்து, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஆட்டோ வாடகையும் ஏற்று இறக்கு கூலியும் 5,400 சேர்த்தால் நிகரக் கொள்முதல் 3,38,000.

நீங்கள் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் பில்லில் கட்டும் வரி திரும்ப வராது. ஜூன் பில்களில் சோப்பு, பிஸ்கட்டுக்கு 18 சதவீதம் இருந்தது, அதுவும் உங்கள் அடக்கவிலைதான். வரியோடு சேர்ந்த தொகையையே எடுத்திருக்கிறேன்.

இனி இருப்பு. ஜூலை 1 காலையில் கடைப் பையனோடு உட்கார்ந்து எண்ணினோமே, அதில்தான் எனக்குப் பாதி நாள் போனது. பாக்கெட் சாமானை நீங்கள் எம்ஆர்பியில் எழுதியிருந்தீர்கள். வராத லாபத்தை இருப்பிலேயே ஏற்றுவது மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் வாங்கிய விலைக்கு மாற்றினேன். பின் அலமாரியில் வண்டு விழுந்த மல்லி ஏழு கிலோ இருந்தது, அதற்கு மதிப்பே போடவில்லை. ஜூன் 1 இருப்பையும் இதே முறையில் திருத்தினேன். இருப்பில் ஆயிரம் ரூபாய் தப்பினால் லாபத்திலும் அதே ஆயிரம் தப்பும், அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

ஆரம்ப இருப்பு 2,64,000
நிகரக் கொள்முதல் 3,38,000
கழிக்க: கடைசி இருப்பு 2,71,500
விற்ற சரக்கின் அடக்கம் 3,30,500

மொத்த லாபம்: 3,87,800 − 3,30,500 = 57,300
லாப விகிதம்: 57,300 ÷ 3,87,800 = 14.8%

நீங்கள் "17 வச்சுத்தான் விக்கிறேன்" என்பீர்கள். அதுவும் பொய் இல்லை. அடக்கத்தின் மேல் 57,300-ஐ வகுத்தால் 17.3 வருகிறது. நீங்கள் வாங்கிய விலை மேல் பார்க்கிறீர்கள், நான் விற்ற விலை மேல் பார்க்கிறேன். கடைச் செலவுக்கு எவ்வளவு விற்க வேண்டும் என்று பார்க்க விற்ற விலை மேல் உள்ள விகிதம்தான் உதவும்.

மொத்த லாபம் பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, அதிலிருந்து செலவு போக வேண்டும். விற்க விற்கக் கூடும் செலவு: கவர், பேப்பர், சணல் 2,900, வரிக்குட்பட்ட சரக்கு சுமார் 2,30,000 விற்றதற்கு 1 சதவீத காம்போசிஷன் வரி 2,300. ஆக 5,200. இதைக் கழித்தால் 52,100, அதாவது நூறு ரூபாய் விற்றால் 13 ரூபாய் 43 காசு.

விற்றாலும் விற்காவிட்டாலும் வரும் செலவு இது:

வாடகை 14,000
பையன் சம்பளம் 11,000
கரண்ட் 2,300 (இரண்டு மாத பில் 4,600-இல் பாதி)
கடன் வட்டி 3,200
போன், நெட் 500
டீ, பூஜை, சில்லறை 1,500
தராசுத் தேய்மானம் 140 (ஐந்து வருடத்துக்குப் பிரித்தது)
ஆக மொத்தம் 32,640

கடன் தவணையில் அசலையும் சீட்டுப் பணத்தையும் சேர்க்கவில்லை. அவை பணம் போகிற வழி, செலவு இல்லை.

32,640 ÷ 0.13435 = சுமார் 2,43,000. மாதம் இவ்வளவு விற்றால் கடை லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும். ஒரு நாளைக்கு 8,100. ஆனால் இதில் உங்களுக்கு ஒரு பைசா சம்பளம் இல்லை. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை நிற்கிறீர்கள், அத்தையும் மதியம் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 15,000 போட்டேன், குறைச்சல்தான். அப்போது செலவு 47,640, விற்க வேண்டியது 3,54,600, நாளைக்கு 11,820.

ஜூனில் நாள் சராசரி 12,927. எல்லாம் போக மிஞ்சியது 4,460 ரூபாய்தான் மாமா. விற்பனை எட்டரை சதவீதம் இறங்கினால் அதுவும் போய்விடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பொருளுக்கும் 2 சதவீதம் குறைத்தால், முன்பு 100-க்கு விற்றது 98. அடக்கமும் கவர் செலவும் அப்படியே 86.57. கையில் நிற்பது 11.43. விகிதம் 11.67 ஆகிறது. அதே 47,640-க்கு இப்போது 4,08,000 விற்க வேண்டும். ஜூன் விற்பனையைவிட 20 ஆயிரம் அதிகம், அதுவும் உங்கள் சம்பளம் மட்டும் நிற்க. குறைத்த விலைக்கு அவ்வளவு கூட்டம் புதிதாக வருமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த 14.8 சராசரிதான். 26 கிலோ அரிசி மூட்டை 1,420-க்கு வாங்கி 1,500-க்குக் கொடுக்கிறீர்கள், 5.3 சதவீதம். தட்டுவடை பாக்கெட் 38-க்கு வாங்கி 50, அது 24 சதவீதம். பத்து மூட்டை அரிசி இறக்கி, ஏற்றி, 15,000-க்கு விற்று வரும் 800 ரூபாயை 67 பாக்கெட் தட்டுவடை தந்துவிடும். அரிசியை விடச் சொல்லவில்லை, அரிசி வாங்க வருகிறவர்தான் தட்டுவடையையும் எடுக்கிறார். ஆனால் அந்தப் பாக்கெட்டுகள் பொடிப் பாக்கெட் சரத்துக்குப் பின்னால் தொங்குகின்றன, வாசலில் நிற்பவர் கண்ணில் படவே இல்லை.

பெரிய கடையோடு ஜனம் ஒப்பிடுவது பெரும்பாலும் எண்ணெய் விலையைத்தான். ஜூனில் எண்ணெய் விற்றது 52,000. அதில் மட்டும் 2 சதவீதம் குறைத்தால் போவது 1,040, மீதி 3,420 நிற்கும். ஒரு மாதம் அப்படி வைத்துப் பாருங்கள்.

ஜூன் காலாண்டு வரி 18-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், சனிக்கிழமை வந்து போட்டுவிடுகிறேன். ஜூலை 31 ராத்திரி கடை சாத்தியதும் இருப்பு எண்ணுவோம், பையனை அன்றைக்கு ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். வண்டு மல்லியை எடுத்துக் கொட்டிவிடுங்கள், பக்கத்து மிளகாய்க்கும் ஏறிவிடும்.

அன்புடன்
சின்னவன்