டிக்கெட் எடுப்பதற்கு முன்

வணக்கம். சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் பதிவு செய்யப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். புதன்கிழமை இரவு 7.30 மணிக்கு, வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 15 நிமிடம் பேசலாமா?

மாமா உங்கள் குறிப்பைக் கொண்டுவந்து மூன்று கிழமையாகிறது. எழுத்தில் நன்றாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால், உங்கள் எழுத்துக்கு நானாக ஒரு குரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது அநேகமாக வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரல். அதைத் திருத்திக்கொள்ளாமல் உங்களை நேரில் சந்தித்தால் நான் சிரித்துவிடக்கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியம்மாவின் மகளுக்கு ஒரு பேச்சுக்கால் வந்தது. அனுப்பிய படத்தில் இருந்தவர் வேறு, வந்தவர் வேறு என்று சொல்ல முடியாது. அதே ஆள்தான், பத்து வருடம் கழித்து. இருவரும் ஆளுக்கொரு தேசிக்காய்த் தண்ணீரை முக்கால் மணித்தியாலம் குடித்தார்களாம். உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. என் படமும் போன வருடம் தம்பியின் பட்டமளிப்புக்குச் சேலை கட்டி எடுத்தது. வீட்டில் நான் அப்படி இருப்பதில்லை. நீங்களும் பார்த்துவிட்டு வருவதுதான் நியாயம். கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வரப்போவது நீங்கள்.

7 மணிக்கு ரியூசன் பிள்ளைகள் போய்விடுவார்கள். முன் விறாந்தையில் இருந்து பேசுவேன், அங்கேதான் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும். பக்கத்துக் கோவில் ஒலிபெருக்கி நடுவில் குறுக்கிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் குசினியில் இருப்பார். எட்டிப் பார்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், நான் முழுதாக நம்பவில்லை. உங்கள் பக்கத்தில் யாரும் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். அழைப்பைப் பதிவு செய்வதோ, திரையைப் படம் எடுப்பதோ இருவருக்கும் வேண்டாம்.

சம்பளம், காணி, சீதனம் எதுவும் அன்று பேசவேண்டாம். அவற்றைப் பேசப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதிய அந்த மாடி வீட்டுக் கறிவேப்பிலைச் செடி தழைத்ததா என்பதைக் காட்டினால் போதும்.

புதன் வசதிப்படாவிட்டால் வியாழன் அதே நேரம் பேசலாம். வீடியோவில் பேசக் கூச்சமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், முதல் ஐந்து நிமிடம் குரலில் மட்டும் பேசிப் பார்ப்போம். பேசிய பிறகு உங்களுக்கோ எனக்கோ மனம் ஒப்பவில்லை என்றால், மறுநாள் ஒரு வரி எழுதினால் போதும். காரணம் கேட்கமாட்டேன், நீங்களும் கேட்கவேண்டாம். மாமாவிடம் நானே சொல்லிக்கொள்வேன்.

ஒப்பினால், ஞாயிறு காலை 10 மணிக்கு யாழ்ப்பாணம் பொது நூலக வாசலில் சந்திப்போம். நல்லூர்ப் பக்கம் வேண்டாம், அங்கே என் மாணவர்களின் பெற்றோர் பாதிப்பேர் நிற்பார்கள்.

புதனா, வியாழனா என்று மட்டும் நாளைக்குள் எழுதுங்கள்.