மயில்கழுத்து நிற சாஃப்ட் சில்க் சேலை: சிறுமுகைக் கைத்தறி, சுத்த மல்பெரி பட்டு, ஹாஃப் ஃபைன் சரிகை

விலை 9,800 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. சேலை ஐந்தரை மீட்டர், அதோடு சேர்ந்தே வரும் ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர். தராசில் வைத்தால் 510 கிராம். நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை, அதனால்தான் திருப்பத் திருப்ப நிறம் மாறும்; வெயிலில் பச்சை தூக்கலாகத் தெரியும், மண்டபத்து விளக்கில் நீலம். கரை மூன்று விரல் அகலம், முந்தியில் மாங்காய், உடலெல்லாம் சின்னச் சின்ன புட்டா. படம் காலை பத்து மணிக்கு எங்கள் வாசலில் எடுத்தது, நிறத்தைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

முதலில் பட்டு. "சாஃப்ட் சில்க்" என்று தனியாக ஒரு பட்டு கிடையாது. மல்பெரி, டஸ்ஸர், எரி, முகா என்று நம் நாட்டில் நான்கு வகைப் பட்டு உண்டு, இது அதில் மல்பெரி, முசுக்கொட்டை இலை தின்கிற புழுவின் பட்டு. காஞ்சிபுரத்துக்குப் போடுவது போல முறுக்கிச் சேர்த்த கனமான நூல் போடாமல் மெல்லிய நூலில் நெய்வதால் சேலை இலகுவாக, உடம்போடு ஒட்டி விழும், அதற்குத்தான் அந்தப் பெயர். இதில் பாவும் பட்டு, ஊடையும் பட்டு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாவைப் பட்டில் ஓட்டிவிட்டு ஊடையில் பாலியஸ்டரோ விஸ்கோஸோ அடித்த சேலையும் "பட்டு" என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகிறது. கையில் தொட்டால் பாதி பேருக்குத் தெரியாது. ஆர்ட் சில்க், செமி சில்க் என்று எழுதியிருந்தால் அது பட்டே இல்லை, அல்லது முழுப் பட்டு இல்லை. கட்டுவதில் தப்பில்லை, பட்டு விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உடுமலை, கோபி பக்கம் நல்ல வெண்கூடு விளைகிறது, ஆனால் இந்தச் சேலைக்கான நூல் பெங்களூர் வியாபாரியிடம் வாங்கியது. நம்மூர்க் கூட்டில் எடுத்த நூல் என்று சொல்லி விற்க மாட்டோம்.

சேலையில் சில்க் மார்க் சீட்டு இருக்கிறது. மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்தது அது. ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் உண்டு. பார்சல் கைக்கு வந்ததும் சீட்டிலுள்ள எண்ணைச் சில்க் மார்க் ஆப்பில் போட்டு, அது எங்களுக்குக் கொடுத்த சீட்டுதானா என்று பாருங்கள். சீட்டு தனியாகப் பையில் கிடந்தால் எங்களைக் கேளுங்கள், சேலையில் கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சீட்டு பட்டுக்கு மட்டும்தான் பொறுப்பு. சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது, கைத்தறியா விசைத்தறியா என்றும் சொல்லாது. கைத்தறிக்குத் தனியாக ஹேண்ட்லூம் மார்க் இருக்கிறது, 2006-ல் வந்தது, அதுவும் இந்தச் சேலையில் உண்டு. போன தையில் அன்னூரிலிருந்து ஒரு அக்கா வந்தார்கள், மகள் கல்யாணத்துக்கு வேறொரு கடையில் முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய சேலையோடு. கரை முழுக்கச் செம்பு நிறத்தில் மங்கிக் கிடந்தது. "சில்க் மார்க் இருக்குதுங்களே, அப்புறம் எப்படிங்க வெள்ளிச் சரிகை இப்படி ஆகும்?" என்று கேட்டார்கள். சீட்டு அசல், பட்டும் அசல். சரிகைதான் வெள்ளி இல்லை. கடைக்காரர் வாயால் சொன்னதோடு சரி, பில்லில் ஒரு எழுத்து இல்லை. அந்த அக்கா கரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்துதான் ஒவ்வொரு சேலைக்கும் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

சரி, இந்தச் சேலையின் சரிகை என்ன? ஹாஃப் ஃபைன். செம்புக் கம்பியில் வெள்ளி முலாம், மேலே தங்க நிறம். அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றுவது. எடையில் பாதியளவுக்கு வெள்ளி போட்டாலும் தங்கம் ஒரு சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். இதே சேலையை அசல் சரிகையில் நெய்தால் விலை எங்கோ போய்விடும். எங்கள் அமுச்சியின் கல்யாணச் சேலையை அறுபது வருசம் கழித்து எடைக்குப் போட்டபோது வெள்ளிக்காகக் காசு கொடுத்தார்கள். இந்தச் சேலைக்கு ஒருநாளும் அப்படிக் கிடைக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். வியர்வையும் சென்ட்டும் படாமல் வைத்தால் வருசக்கணக்கில் மின்னும், பட்டால் கறுக்கும்.

இனி நீங்களே சோதிப்பது. பார்சலில் மாதிரி நூல் வைத்து அனுப்பச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். நாங்கள் வைப்பதில்லை, ஏனென்றால் அந்த நூல் அந்தச் சேலையிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? அதற்குப் பதிலாக முந்தி ஓரத்தில் ஒரு சாண் குஞ்சத்தை முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறோம். அங்கே தொங்குவது பாவு நூல். ரவிக்கைத் துணியின் வெட்டு ஓரத்தில் குறுக்காக ஓடும் இழையை உருவினால் ஊடை. இரண்டையும் தனித்தனியாக எரியுங்கள், ஒன்றை மட்டும் எரித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், நுனியில் நிற்கிற கறுப்பு உருண்டை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறினால் கல் மாதிரி இறுகும். விஸ்கோஸ் காகிதம் எரிகிற வாடையோடு சரசரவென்று எரிந்து போகும். சேலையைத் தள்ளி வைத்துவிட்டு, தட்டில் வைத்து எரியுங்கள்.

வாடை சரியாகப் பிடிபடாதவர்களுக்கு இன்னொரு வழி. வெள்ளைத் துணிக்குப் போடும் திரவ ப்ளீச்சைப் புதிதாக வாங்கி ஒரு மூடியில் ஊற்றி இரண்டு இழைகளையும் போட்டு வையுங்கள். பட்டு கொஞ்ச நேரத்தில் கரைந்து காணாமல் போகும், பாலியஸ்டரும் விஸ்கோஸும் பருத்தியும் அப்படியே கிடக்கும். மோதிரத்துக்குள் சேலையை இழுத்துக் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள், மெல்லிய பாலியஸ்டரும் மோதிரத்துக்குள் போகும்.

சரிகைக்கு, புட்டாவின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையை வெட்டி நகத்தால் சுரண்டுங்கள். இதில் செம்பின் சிவப்பு தெரியும். தெரியத்தான் வேண்டும், நாங்கள் சொன்னதும் அதுதான். அசல் சரிகையில் வெள்ளை வெள்ளி தெரியும், இன்னும் உரித்தால் உள்ளே பட்டு நூல். பிளாஸ்டிக் சரிகை என்றால் தீயில் சுருண்டு உருகும். பெரிய தொகைக்கு வேறெங்காவது அசல் சரிகை வாங்கினால் நகத்தோடு நிற்காதீர்கள், நகைக்கு டச் பார்க்கும் மெஷினில் வைத்தால் தங்கம், வெள்ளி, செம்பு எவ்வளவு என்று காட்டும். கோவையில் நகைக்கடை வீதிகளில் இருக்கிறது. அது உலோகத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கும், உள்ளிருக்கும் நூலை எடுக்காது என்பதை மனதில் வைத்து எண்ணைப் படியுங்கள்.

எங்கள் பில்லில் "பாவு, ஊடை இரண்டும் மல்பெரி பட்டு, கைத்தறி, ஹாஃப் ஃபைன் சரிகை" என்று எழுதி, பட்டுத் துணிக்கான எச்எஸ்என் 5007 போட்டிருக்கும். சோதனையில் எது மாறினாலும், குஞ்சத்தில் நூல் உருவியிருந்தாலும் பரவாயில்லை, 15 நாளுக்குள் அனுப்புங்கள், கூரியர் செலவோடு பணம் திரும்ப வரும். நிறம் பிடிக்கவில்லை என்றால் ஏழு நாள், கட்டாமல் இருக்க வேண்டும், கூரியர் உங்களுடையது.

தண்ணீரில் அலச வேண்டாம், ட்ரை க்ளீன் மட்டும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

இந்த நிறத்தில் இப்போது இரண்டு சேலைதான் கையில் இருக்கிறது. தறியில் ஓடுவது அரக்கு நிறம், அது இறங்க இன்னும் ஒன்பது நாள் ஆகும்.