ராஜினாமா கடிதம்

பெங்களூரு,
02.06.2025

அனுப்புநர்:
ரேணுகா,
கணக்கர், லாரி புக்கிங் ஆபீஸ்,
கலாசிபாளையம்.

பெறுநர்:
உயர்திரு முதலாளி அவர்கள்,
கலாசிபாளையம் ஆபீஸ்.

பொருள்: கணக்கர் வேலையிலிருந்து விலகிக்கொள்வது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் ஆபீசில் 10.06.2019 முதல் நான் பார்த்துவரும் கணக்கர் வேலையை இந்தக் கடிதத்தின் மூலம் ராஜினாமா செய்கிறேன். சேரும்போது நீங்கள் கொடுத்த லெட்டரில் முப்பது நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. அதன்படி 02.07.2025 புதன்கிழமை என் கடைசி வேலை நாள். அன்று சாயங்காலம் வரை வழக்கம்போல வருவேன்.

நெலமங்கலாவில் ஒரு கோடவுன் கம்பெனியில் உதவி அக்கவுண்ட்ஸ் மேனேஜராகச் சேர்கிறேன். பதவியும் சம்பளமும் கூடுதல், தாசரஹள்ளியில் இருக்கும் என் வீட்டுக்கும் பக்கம். உண்மைக் காரணம் அவ்வளவுதான். அவர்கள் லாரி புக்கிங் செய்வதில்லை. நம் பார்ட்டிகள் யாரையும் நான் அங்கே கூட்டிக்கொண்டு போகப்போவதும் இல்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆபீசில் உங்களை அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டு, இங்கே ஐயா என்று எழுதக் கை கூசுகிறது. இப்படிப்பட்ட கடிதத்துக்கு அதுதான் முறை என்று நினைத்தேன்.

இதைக் கன்னடத்தில் எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இங்கிலீஷில் எழுதினால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும் நாலு வரி போதும். ஆனால் இரண்டில் எதுவானாலும், நீங்கள் ஆடிட்டரிடமோ தம்பியிடமோ கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்வீர்கள். நான் போகிறேன் என்பது இன்னொருவர் வாயால் உங்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் தமிழில் எழுதினேன். யாரிடமும் திருத்தக் கொடுக்கவும் முடியவில்லை. மேஸ்திரி பழனி அண்ணனிடம் காட்டியிருந்தால் ழ, ள எல்லாம் சரியாகியிருக்கும், ஆனால் மத்தியானத்துக்குள் கலாசிபாளையம் முழுக்க சேதி போயிருக்கும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பில்டியில் வட்டம் போடுவது போல இதிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தாலும் சந்தோஷம்தான்.

சேர்ந்த முதல் வாரம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். லோடு ஏற்றும்போது பழனி அண்ணன் வண்டி மேலே இருந்து "சாக்கு, சாக்கு" என்று கத்தினார். எங்கள் பாஷையில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். நான் கணக்கை மூடி, சீலுக்கும் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு மூட்டை பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது. நீங்கள் திட்டவில்லை. மறுநாள் காலையில் என் மேஜையில் தினத்தந்தியை வைத்து, தினமும் ஒரு பத்தி சத்தமாகப் படி என்றீர்கள். ஒரே க-வை மூன்று விதமாக எப்படிப் படிப்பது என்று எனக்கு அழுகையே வந்தது. இன்று அதே எழுத்தில் உங்களுக்கு ராஜினாமா எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள்.

2020 மார்ச் 25-க்கு அப்புறம் வண்டிகள் பாதி நின்றிருந்த மாதங்களிலும் எங்கள் சம்பளத்தில் நீங்கள் கை வைக்கவில்லை. அந்தக் கணக்கை எழுதியவள் நான் என்பதால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அண்ணியிடமும் என் நன்றியைச் சொல்லுங்கள். அவர்களை நேரில் பார்த்தால் நான் அழுதுவிடுவேன்.

இப்போது கேட்கத் தயக்கமாக இருக்கும் விஷயம். ஐந்து வருடம் தாண்டியதால் எனக்கு கிராஜுவிட்டி வரும். கடைசி அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்தால் வருடத்துக்கு 10,500, ஆறு வருடத்துக்கு 63,000 ரூபாய். சென்ற தீபாவளிக்கு வாங்கிய அட்வான்சில் இன்னும் 6,000 பாக்கி இருக்கிறது. அதை ஜூன் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், கிராஜுவிட்டியோடு கலக்க வேண்டாம். இரண்டும் தனித் தனிக் கணக்கு என்று ஆடிட்டரும் சொல்வார். பி.எப். வெப்சைட்டில் நான் விலகிய தேதியை மட்டும் மறக்காமல் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பழைய பி.எப்.பைப் புதிய கம்பெனிக்கு மாற்றுவது இழுத்துக்கொண்டே போகும். ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றையும் அவர்கள் இங்கிலீஷில் கேட்கிறார்கள். இரண்டையும் டைப் செய்து ஒரே உறையில் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு, கடைசி நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

கடிதம் இங்கே முடிந்தது. மறுபக்கத்தில் இருப்பது வேலை ஒப்படைப்பு. அதை இன்றே படிக்க வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ரேணுகா

(மறுபக்கம்)

ஒப்படைப்பு

முதலில் என் போன் நம்பர். ஈ-வே பில் வெப்சைட், பி.எப்., பாஸ்டேக், பேங்க் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வருகிறது. அப்போது வசதியாக இருந்ததால் செய்தோம், இப்போது அதுதான் பெரிய வேலை. நான் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஆபீஸ் நம்பருக்கு மாற்றிவிட வேண்டும். பேங்குக்கு நீங்கள் நேரில் வர வேண்டும், ஒரு நாள் காலையில் ஒதுக்குங்கள். பாஸ்வேர்டுகளை எழுதி, உறையை ஒட்டி, பீரோவில் ஆர்.சி. பைலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நான் போனதும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். என் மேல் நம்பிக்கை இல்லையா என்று நினைக்கமாட்டேன்.

புக்கிங் கவுண்டரில் இருக்கும் செல்விக்கு டேலியில் பில் போடத் தெரியும், ஈ-வே பில்லும் எடுக்கிறாள். நேரக் கணக்கில்தான் இன்னும் தடுமாறுகிறாள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் இன்னொரு நாள். கோயம்புத்தூருக்கு இரண்டு நாள் கிடைக்கும். வண்டி வழியில் நின்றுவிட்டால், நேரம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து முடிந்து எட்டு மணி நேரம் வரைக்கும்தான் நீட்டிக்க முடியும். டிரைவர்கள் காலையில் டீ குடித்துவிட்டுத்தான் பிரேக்டவுன் சொல்வார்கள், அதற்குள் அந்த நேரம் போயிருக்கும். ராத்திரியே போன் செய்யச் சொல்லிப் பழக்குங்கள். வண்டி மாற்றி லோடு ஏற்றினால் பார்ட் பி-யில் புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். இதைச் செல்வி இரண்டு தடவை மறந்திருக்கிறாள், இரண்டு தடவையும் நான் பிடித்துவிட்டேன்.

வெளி வண்டி எடுக்கும்போது ஓனரின் பான் கார்டு காப்பியும், பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற கையெழுத்துக் கடிதமும் வாங்கின பிறகுதான் வாடகை கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், பானும் இல்லாவிட்டால் 20 சதவீதம். வாடகை கொடுத்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். பிடித்த டி.டி.எஸ்.ஸை மறு மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், பி.எப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் 15-க்குள்ளும் கட்ட வேண்டும். ஜூன் மாதத்து வேலையை நானே முடித்துவிடுகிறேன்.

இதே விஷயத்தில் உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. நம்மிடம் இப்போது ஒன்பது வண்டி. ஆயுத பூஜைக்குள் இன்னும் இரண்டு எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். எடுத்தால் பதினொன்று ஆகிவிடும். அப்புறம் பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று நாம் பார்ட்டிகளுக்குக் கொடுக்கும் கடிதம் செல்லாது. ஒவ்வொரு பில்லிலும் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது திரும்பி வரலாம், ஆனால் டீசலும் இ.எம்.ஐ.யும் அதுவரை காத்திருக்காது. ஒரு பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இரண்டு எடுத்தால் பத்தோடு நிற்கும். விற்பதை முதலில் செய்யுங்கள். வருடத்தில் ஒரு நாள் பதினொன்று இருந்தாலும் கணக்கில் பதினொன்றுதான். ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாக்கிகளில் பெரியது பீன்யா மெஷின் பார்ட்ஸ் பார்ட்டி, 1,84,500 ரூபாய். அவர்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. சரக்கு சேர்ந்ததற்குக் கையெழுத்தான காப்பி வராமல் பில்லைத் தொடவே மாட்டார்கள். ஏழு காப்பி வர வேண்டியிருந்தது, சனிக்கிழமை நாலு வந்துவிட்டது. மீதி மூன்றும் சேலம் ஆபீசில் இருக்கிறது, வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு போன் செய்தால் வேகமாக வரும். சிக்பேட்டை ஜவுளிக் கடை விஷயம் வேறு. அங்கே பில் அனுப்பினால் பதில் வராது, நேரில் போய் உட்கார்ந்தால் காபி கொடுத்துச் செக்கும் கொடுப்பார்கள். செல்வியை அனுப்பாதீர்கள், பழனி அண்ணனை அனுப்புங்கள்.

வண்டிகளின் எப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் தேதிகளைக் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். தமிழில்தான் எழுதியிருக்கிறேன். இன்சூரன்ஸ் என்பதற்கு மூன்று சுழி ண-வா இரண்டு சுழி ன-வா என்று சந்தேகம் வந்து அடித்து எழுதிய இடம் ஒன்று இருக்கும், தேதி சரியாகத்தான் இருக்கிறது.

புது ஆள் யாராவது வந்தால் ஜூலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அதற்குச் சம்பளம் வேண்டாம். மத்தியானச் சாப்பாடு அண்ணி சமையலாக இருந்தால் போதும்.

ரே.