தமிழ்ப் பதிப்பக இணையதள மறுவடிவமைப்பு: விலைப்புள்ளிக்கான திட்டக் குறிப்பு

இந்தக் குறிப்பை ஐந்து நிறுவனங்களுக்கு ஒரே நாளில், ஒரே வடிவில் அனுப்புகிறோம். ஐந்து விலைப்புள்ளிகளையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதால் பக்க எண்ணிக்கை, தரவின் அளவு, பணம் தரும் தவணை எல்லாவற்றையும் நாங்களே நிர்ணயித்திருக்கிறோம். இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றினால் தனித்தாளில் தனி விலையோடு தாருங்கள். அடிப்படை விலையில் அதைக் கலக்க வேண்டாம்.

இப்போதைய நிலை

சென்னையிலிருந்து இயங்கும் தமிழ்ப் பதிப்பகம் எங்களுடையது. தளம் 2014இல் வேர்ட்பிரஸில் அமைந்தது. அதில் 1,240 நூல் பக்கங்கள், 310 எழுத்தாளர் பக்கங்கள், 460 கட்டுரைகள் உள்ளன. வாங்குபவர் படிவம் நிரப்புகிறார், பிறகு நாங்கள் தொலைபேசியில் பேசி விற்கிறோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் இந்த முறை தாங்குவதில்லை. எனவே புதிய தளம் 30 நவம்பர் 2026க்குள் மக்கள் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். இந்தத் தேதி நகராது.

வேலையின் எல்லை

வடிவமைக்க வேண்டிய பக்க வகைகள் ஒன்பது: முகப்பு, நூல் பட்டியல், நூல், எழுத்தாளர், கட்டுரைப் பட்டியல், கட்டுரை, தேடல் முடிவு, கூடையும் பணம் செலுத்தலும், பொதுப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும். வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் எங்கள் பணியாளர்களுக்குப் பழக்கம் என்பதால் அவற்றையே அடிப்படையாகக் கொண்டு விலை சொல்லுங்கள்.

விற்பனை இந்திய முகவரிகளுக்கு மட்டும். அஞ்சல் கட்டணம் எடையைப் பொறுத்து, தமிழ்நாடு, பிற மாநிலங்கள் என இரண்டு பட்டியலில் வரும். 60 நூல்களுக்கு எடை பதிவாகவில்லை, அதை நாங்கள் நிரப்பித் தருவோம். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் நாட்காட்டியும் துணிப்பையும் விற்கிறோம், அவற்றுக்கு உண்டு. எனவே வரி பொருள்வாரியாக அமைய வேண்டும்.

பணம் ரேசர்பே வழியாக வரும், கணக்கு எங்களிடம் உள்ளது. யுபிஐயில் பணம் கழிந்த பின் வாங்குபவர் செயலியிலிருந்து தளத்துக்குத் திரும்பாமலே மூடிவிடுவது அடிக்கடி நடக்கும். உலாவி திரும்பி வருவதை நம்பி ஆர்டரை உறுதிசெய்யக் கூடாது. `payment.captured` வெப்ஹுக்கைச் சரிபார்த்தே உறுதிசெய்ய வேண்டும். இருப்பு விவரம் டேலியிலிருந்து நாளுக்கு ஒருமுறை CSV கோப்பாக ஏற்றப்படும், நேரடி இணைப்பு தேவையில்லை.

மின்நூல், கைபேசிச் செயலி, வெளிநாட்டு அஞ்சல், உறுப்பினர் சந்தா, ஆங்கிலப் பதிப்பு ஆகியவை இந்த வேலையில் இல்லை. விலையிலும் இருக்கக் கூடாது.

தமிழ் சார்ந்த தேவைகள்

விலைப்புள்ளிகள் பெரும்பாலும் தவறுவது இந்தப் பகுதியில்தான், நிதானமாகப் படியுங்கள்.

460 கட்டுரைகளில் 170 பாமினி எழுத்துருவில் உள்ளன. 'தமிழ்' என்ற சொல் தரவுத்தளத்தில் `jkpo;` என்றே கிடக்கிறது. மாற்றும் மென்பொருளைக் கொண்டு ஒருங்குறியாக்கினால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் இணைய முகவரிகளும் சேர்ந்து சிதையும். மாற்றுவது உங்கள் பொறுப்பு, மெய்ப்புப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. மெய்ப்பில் வரும் பிழைகளைத் திருத்தி ஏற்றும் ஒரு சுற்று உங்கள் விலைக்குள் வர வேண்டும்.

தேடலில் ஒரே சொல்லின் வேறுபட்ட உள்ளீடுகள் ஒரே முடிவைத் தர வேண்டும். 'ொ' ஒற்றைக் குறியாக (U+0BCA) வந்தாலும், இரண்டு குறிகளாக (U+0BC6, U+0BBE) வந்தாலும் NFC வடிவத்துக்கு மாற்றியே சேமிக்கவும் தேடவும் வேண்டும். 'ஔவையார்' என்பதை ஒ, ள என்ற இரண்டு எழுத்தாகத் தட்டுபவர்கள் ஏராளம், இதை NFC சரிசெய்யாது, தனி விதி எழுத வேண்டும். பெயரின் தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்தாளர் கிடைக்க வேண்டும். நூற்பெயரை ரோமன் எழுத்தில் தட்டினாலும் கிடைக்க, நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோமன் புலம் வேண்டும், அதை நாங்கள் நிரப்புவோம்.

சுருக்கங்களை எழுத்தெண்ணி வெட்டும்போது புள்ளியோ கொம்போ அறுந்து நிற்கக் கூடாது, சொல் முடியும் இடத்தில்தான் வெட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு 200 எழுத்து வரம்பு உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அங்கே `%E0%AE%95` போல ஒன்பது இடம் பிடிக்கும், ஆகவே 22 குறிகளுக்கு மேல் தாங்காது. எங்கள் பழைய நூல் முகவரிகள் பல இப்படிப் பாதியில் வெட்டுப்பட்டவை. புதியவை ரோமன் எழுத்தில் அமையும். பழைய 2,010 முகவரிகளும் வெட்டுப்பட்ட வடிவத்திலேயே பிடிக்கப்பட்டு, 301 வழியாகப் புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவதை ஏற்க மாட்டோம்.

ஏற்பதற்கான அளவுகோல்

முகப்பு, நூல், கட்டுரை ஆகிய மூன்று பக்கங்களையும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் கைபேசிக்குச் சோதிப்போம். LCP 2.5 நொடிக்குள், CLS 0.1க்குள் வர வேண்டும். தமிழ் எழுத்துரு தாமதமாக வந்து வரிகள் நகர்வதுதான் CLS உயர வழக்கமான காரணம், இரண்டு தடிமனுக்கு மேல் ஏற்ற வேண்டாம். வண்ண வேறுபாடும் விசைப்பலகை இயக்கமும் WCAG 2.1 AA அளவில் இருக்க வேண்டும்.

விலை எழுத வேண்டிய வடிவம்

வரிசையை மாற்றவோ வரிகளை இணைக்கவோ வேண்டாம். கட்டணம் இல்லாத வரியில் 0 என்றும், செய்ய இயலாத வரியில் 'இல்லை' என்றும் எழுதுங்கள். ஜிஎஸ்டி சேர்க்காத தொகையைக் காட்டி, ஜிஎஸ்டியைக் கடைசியில் தனியே குறிப்பிடுங்கள்.

| வரி | வேலை | அளவு |
|---|---|---|
| 1 | வடிவமைப்பு | 9 பக்க வகை |
| 2 | தளம் கட்டுதல், கூடை, பணம், அஞ்சல் | மொத்தமாக |
| 3 | தேடல் | மொத்தமாக |
| 4 | தரவு மாற்றம் | 2,010 பக்கம் |
| 5 | பாமினி மாற்றம் | 170 கட்டுரை |
| 6 | 301 திருப்பல் | 2,010 முகவரி |
| 7 | பணியாளர் பயிற்சி | 2 அமர்வு, தலா 3 மணி |
| 8 | கூடுதல் மாற்றங்கள் | 40 மணி, மணிக்கட்டணத்தோடு |
| 9 | ஹோஸ்டிங், பிளகின் உரிமம் | 3 ஆண்டு |
| 10 | பராமரிப்பு, மாதம் 4 மணி | 3 ஆண்டு |

எட்டாம் வரியின் 40 மணியை எல்லோரும் சேர்க்க வேண்டும். மொத்தத்தைக் குறைத்துக் காட்டிவிட்டுத் திருத்தத்துக்கு மணிக்கட்டணத்தைக் கூட்டும் விலை அப்போது வெளிப்படும். ஒன்பதும் பத்தும் கேட்பதும் அதற்காகவே.

எங்கள் உச்சவரம்பு: வரி 1 முதல் 8 வரை ரூ. 7,00,000, வரி 9, 10 சேர்த்து ஆண்டுக்கு ரூ. 90,000. தொகையை மறைத்தால் ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு தளத்துக்கு விலை சொல்வார்கள் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறோம்.

மதிப்பிடும் முறை

விலைக்கு 35, மாதிரி வேலைக்கு 25, முன்பு செய்த தமிழ்த் தளங்களுக்கு 20, வேலை பார்க்கப்போகும் ஆட்களுக்கும் கால அட்டவணைக்கும் 10, பராமரிப்புக்கு 10. பத்து வரிகளின் மொத்தத்தைக் கொண்டு விலை மதிப்பெண்:

```
35 × (குறைந்த மொத்தம் ÷ உங்கள் மொத்தம்)
```

மாதிரி வேலைக்கு மூன்று பாமினிக் கட்டுரைகள் இணைத்துள்ளோம். ஒருங்குறியாக்கி விலைப்புள்ளியோடு அனுப்புங்கள். எங்கள் மெய்ப்பாளர் நிறுவனப் பெயர் தெரியாமல் திருத்துவார்.

பணமும் உரிமையும்

தொடக்கத்தில் 20%, வடிவமைப்பு ஒப்புதலில் 20%, முழுத் தரவோடு சோதனைத் தளம் தந்ததும் 30%, வெளியீட்டில் 20%, வெளியீட்டுக்கு 60 நாள் கழித்து 10%. அந்த 60 நாளில் தெரியும் பிழைகளைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். டொமைன், ஹோஸ்டிங், பிளகின் உரிமம் எல்லாம் எங்கள் பெயரில், எங்கள் மின்னஞ்சலில் பதிவாகும். நீங்கள் எழுதும் நிரல் கடைசித் தவணையோடு எங்களுக்கு உரிமையாகும்.

தேதிகள்

கேள்விகளை 12 ஜூன் 2026க்குள் இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். கேட்டவர் பெயரை நீக்கி, எல்லாப் பதில்களையும் 16 ஜூன் அன்று ஐவருக்கும் அனுப்புவோம். தொலைபேசியில் விளக்கம் தர மாட்டோம், ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் போய்விடும். விலைப்புள்ளி 26 ஜூன் மாலை 5 மணிக்குள் வர வேண்டும், 60 நாள் செல்லுபடியாக வேண்டும். 10 ஜூலை அன்று முடிவைத் தெரிவிப்போம். தேர்வாகாதவர்களுக்கு அவரவர் மதிப்பெண்ணும் சேர்த்து அனுப்பப்படும். வேலை 20 ஜூலை தொடங்கும்.