எந்தக் காரியத்துக்கு எந்த அதிகாரி: மனு எழுதுமுன் ஒரு குறிப்பு

நம் ஊர் நூலகத்துக்கு மனு எழுத வருகிறவர்களில் பலர் "கலெக்டருக்கே எழுதிடுங்க" என்கிறார்கள். எழுதலாம். ஆனால் அந்த மனு மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு விசாரணைக்கு வந்து சேரும். அதனால் முதலில் கீழிருந்து தெரிந்துகொள்வோம்.

வி.ஏ.ஓ. என்று நாம் சொல்பவர்தான் கிராம நிர்வாக அலுவலர். அடங்கலை எழுதி வைப்பவர் இவர். கிராம ஊராட்சிகளில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்பவரும் இவரே. முன்பு முன்சீப்பும் கர்ணமும் பார்த்த வேலை இது; அந்தப் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. இவருக்கு மேலே ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். அப்புறம் தாசில்தார் எனும் வட்டாட்சியர்.

சாதிச் சான்றிதழைப் பாருங்கள். இ-சேவையில் விண்ணப்பித்ததும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. இருவரும் விசாரித்து அறிக்கை தருகிறார்கள். ஆனால் சான்று வழங்குபவர் எல்லாருக்கும் ஒருவரல்ல. பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர், ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர். பழங்குடிப் பிள்ளைகளைத் தாசில்தார் அலுவலகத்துக்கே திரும்பத் திரும்ப அலையவிடுவது எனக்குப் பொறுக்காது. அவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

அந்தக் கோட்டாட்சியரை ஆர்.டி.ஓ. என்கிறோம். ஓட்டுநர் உரிமம் தரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் அப்படியே அழைக்கிறோம். மனுவில் "ஆர்.டி.ஓ. அவர்களுக்கு" என்று மட்டும் எழுதாமல் முழுப் பதவிப் பெயரை எழுதுங்கள். பட்டா விஷயத்தில் வட்டாட்சியரின் உத்தரவு சரியில்லை என்றால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். அதற்கும் மேலே சீராய்வு டி.ஆர்.ஓ. என்கிற மாவட்ட வருவாய் அலுவலரிடம்.

இனி, வருவாய்த்துறையில் சேராதவர்கள். சப்-ரிஜிஸ்ட்ரார், அதாவது சார் பதிவாளர், பதிவுத்துறைக்காரர். பத்திரம் பதிவதும் வில்லங்கச் சான்று தருவதும் இவர் வேலை. பத்திரம் பதிந்த கையோடு பட்டாவில் பெயர் ஏறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஏறியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பி.டி.ஓ., வட்டார வளர்ச்சி அலுவலர், ஊரக வளர்ச்சித் துறை. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்றால் முதலில் ஊராட்சிச் செயலர், பிறகு இவர். ஒரே ஒன்றியத்தில் வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர் என இரண்டு பி.டி.ஓ.க்கள் உண்டு, நம் தெருப் பிரச்சினைக்குக் கிராம ஊராட்சிக்காரர். ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர்.

சரி, இவர்கள் எவரும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமே கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.